மரத்துக்காக அல்ல, மண்ணுக்காக

அமேசான் காடு அழிகிறது என்றதும், நம்மில் பலருக்கு மரத்தடிகளை ஏற்றிச்செல்லும் லாரிதான் கண்ணுக்குள் வரும். லாரி பொய்யில்லை. ஆனால் பிரேசிலில் அழிந்த அமேசான் காட்டின் பெரும்பகுதி இன்று மாட்டு மேய்ச்சல் நிலமாகக் கிடக்கிறது. காடு போனது மரத்துக்காக அல்ல, அது நிற்கும் மண்ணுக்காக. மரம் வெட்டுகிறவர் அதற்கு வழி திறந்துவிடுகிறார். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, அந்நாட்டின் வடக்கிலுள்ள பாரா மாநிலத்தின் பராகோமினாஸ் வட்டாரத்தைப் பார்ப்பது நல்லது.

1960ஆம் ஆண்டுவாக்கில் பெலெம் நகரையும் புதிய தலைநகர் பிரேசிலியாவையும் இணைக்கும் நெடுஞ்சாலை இவ்வழியே போடப்பட்டது. பின்னாலேயே பண்ணையார்கள் வந்தார்கள். காட்டை வெட்டி, காயவிட்டு, கொளுத்தி, சாம்பலின் மேல் புல் விதைத்தார்கள். அரசு வரிச் சலுகை கொடுத்தது. சாம்பல் தந்த சத்து சில ஆண்டுகளே தாங்கியது. அதன்பின் மண்ணில் பாஸ்பரஸ் குறைந்தது, புல் மெலிந்தது, களை ஏறியது. இருந்தும் பண்ணையார் கவலைப்படவில்லை. அங்கே மாடு என்பது பாலுக்கும் இறைச்சிக்கும் மட்டுமல்ல, 'இது என் நிலம்' என்று சொல்வதற்கான சாட்சியும்கூட. ஒரு ஹெக்டேருக்கு ஒரு மாடு நின்றால் போதும். திருத்திய நிலத்தின் விலை ஏறும்போது விற்றுவிட்டு, சாலை நீளும் திசையில் இன்னும் உள்ளே போய்விடலாம்.

மேய்ச்சல் சோர்ந்த பிறகு மரத்துக்கு மவுசு வந்தது. 1980களின் முடிவில் பராகோமினாஸைச் சுற்றி நூறுக்கும் மேற்பட்ட மர அறுவை ஆலைகள் இயங்கின. மிஞ்சியிருந்த காட்டில் மரம் எடுக்கும் உரிமையைப் பண்ணையார் ஆலைக்காரருக்கு விற்றார். அந்தப் பணத்தில் பழைய மேய்ச்சலை உழுது, உரமிட்டு, புதிய புல் விதைத்தார். மாட்டுக்கு மரம் முதலீடு செய்தது என்றே சொல்லலாம்.

அன்று மரம் எடுத்த விதம் கண்மூடித்தனமானது. ரம்பக்காரர் காட்டுக்குள் நடந்து, கண்ணில் பட்ட நல்ல மரத்தைச் சாய்ப்பார். எங்கே சாய்த்தார் என்று இழுவை வண்டிக்காரருக்குத் தெரியாது. அவர் தடியைத் தேடிக் காட்டைக் கிழித்துக்கொண்டு திரிவார். சில தடிகள் கடைசிவரை அகப்படாமல் அங்கேயே மக்கும். அமேசான் மரங்களின் உச்சிகளைத் தடித்த கொடிகள் ஒன்றோடொன்று பிணைத்திருக்கின்றன. ஆகவே ஒன்று விழும்போது அண்டை மரங்களையும் இழுத்துக்கொண்டு விழும். எடுத்த ஒவ்வொரு மரத்துக்கும் இருபதுக்கும் மேற்பட்ட மரங்கள் ஒடிந்தோ சிதைந்தோ போயின என்று 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் அங்கே கணக்கெடுத்தனர். கூரை பிளந்த காட்டில் வெயில் இறங்கி, சருகு காய்கிறது. பக்கத்து மேய்ச்சலில் வைத்த நெருப்பு, ஈரக்காட்டில் நுழைய முடியாதது, இங்கே சுலபமாக நுழைந்துவிடும்.

இதே பராகோமினாஸில், கவாஷி என்ற பண்ணையில், 1990களின் நடுவிலிருந்து வேறு விதமாக மரம் எடுத்துக் காட்டத் தொடங்கினார்கள். வெட்டுவதற்கு ஓராண்டு முன்பே வேலை தொடங்குகிறது. தகுதியான ஒவ்வொரு மரத்தையும் அளந்து, எண்ணிட்டு, வரைபடத்தில் குறிக்கிறார்கள். வெட்டப்போகும் மரத்தில் ஏறிய கொடிகளை அப்போதே அறுத்துவிட்டால், ஓராண்டில் அவை காய்ந்து பிடியை விட்டுவிடும். சாலையும் இழுவைத் தடமும் எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்துகொள்கிறார்கள். வெட்டும் நாளில் ரம்பக்காரர் முதலில் ரம்பத்தின் நுனியை அடிமரத்துக்குள் செலுத்திப் பார்ப்பார். உள்ளே பொந்து இருந்தால் மரத்தை விட்டுவிடுவார். திடமாக இருந்தால், விழ வேண்டிய பக்கம் வாய் வெட்டி, பின்பக்கம் அறுத்து, நடுவில் ஒரு பட்டையை அறுக்காமல் விடுவார். அந்தப் பட்டை கீல்போல் மடங்கி, குறித்த திசையில் மரத்தை இறக்கும். இவ்வளவு செய்தால் செலவு கூடும் என்றுதான் ஆலைக்காரர்கள் நினைத்தார்கள். அங்கே நடந்த ஒப்பீட்டில், ஒரு கன மீட்டருக்கான செலவு பழைய முறையைவிட 12 சதவீதம் குறைவாக வந்தது. தேடி அலையும் நேரமும் வீணான தடியும் மிச்சமானதே காரணம்.

பிரேசில் விதிகளின்படி பொதுவாக அரை மீட்டர் விட்டத்துக்குக் குறைந்த மரத்தைத் தொடக்கூடாது. ஹெக்டேருக்கு 30 கன மீட்டருக்கு மேல் எடுக்கக்கூடாது. இயந்திரங்களை இறக்கி அந்த அளவு எடுத்தால், அதே இடத்துக்குத் திரும்ப 35 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் அமேசானின் விலைமதிப்புள்ள வன்மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. 35 ஆண்டில் அவை பழைய அளவுக்கு வராது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இன்னொரு ஓட்டை காகிதத்தில் இருக்கிறது. காட்டில் இல்லாத மரங்களைப் பட்டியலில் எழுதி, அந்த அனுமதியைக் காட்டிக் காப்புக்காட்டில் திருடிய தடிகளைச் சுத்தமாக்கிவிடுவார்கள். பட்டியலிலுள்ள எண்ணோடு காட்டில் நிற்கும் அடிக்கட்டையை ஒப்பிட்டுப் பார்த்தால் குட்டு உடையும்.

நிற்கிற காட்டுக்கு இது பொருந்தும். ஏற்கெனவே வெட்டி வெறுமையாக்கிய நிலத்தை என்ன செய்வது? அதற்கான பதில் அதே மாநிலத்தின் டோமே-அசுவில் இருக்கிறது. அந்தக் கதையில் நம்முடைய மிளகும் வருகிறது.

1929இல் ஜப்பானியக் குடியேறிகள் அங்கே வந்தார்கள். 1933இல் சிங்கப்பூர் வழியாகச் சில மிளகுக் கன்றுகள் வந்து சேர்ந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விலை ஏற, ஊரே செல்வம் கொழித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மிளகுக்கொடி உயிருள்ள மரத்தில், நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் ஏறும். டோமே-அசுவில் காட்டை மொட்டையடித்து, வெட்டவெளியில் காய்ந்த மரக்கம்புகளை நட்டு, வரிசை வரிசையாக மிளகு மட்டுமே ஏற்றினார்கள். 1960களின் பிற்பகுதியில் வேரழுகல் பூஞ்சை புகுந்தது. ஒரே பயிராக இருந்த தோட்டங்களில் அது தடையின்றிப் பரவி, பலரைக் கடனாளியாக்கியது.

தப்பித்தவர்கள் ஆற்றோரக் குடிகளின் வீட்டுத் தோட்டங்களைக் கவனித்தார்கள். அங்கே பனையும் பழமரமும் உயர்ந்த காட்டுமரமும் அடுக்கடுக்காக நின்றன. அதை ஒட்டி ஒரு முறையை உருவாக்கினார்கள். முதல் ஆண்டில் நெல்லோ பயறோ கைச்செலவுக்கு உதவும். கூடவே நட்ட மிளகு மூன்றாம் ஆண்டிலிருந்து காசு தரும். வாழை கொடுக்கும் தற்காலிக நிழலில் கொக்கோ வளரும். நோய் வந்து மிளகு சாகும் வேளையில் கொக்கோவும், கொக்கோவின் உறவான கூப்புவாசு பழமும், அசாய் பனையும் காய்ப்புக்கு வந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே மகோகனி, பிரேசில் கொட்டை போன்ற மரங்கள் பல பத்தாண்டுக் கணக்கில் உயரும். ஒரு பயிரின் சாவு இங்கே குடும்பத்தின் சாவாகாது. ஒரே நிலத்தில் பல ஆண்டு பிழைக்க முடிவதால், புதிய காட்டைக் கொளுத்தும் தேவையும் குறைகிறது.

இதை அப்படியே எங்கும் பெயர்த்து நட்டுவிட முடியாது. பழம் ஓரிரு நாளில் அழுகும். டோமே-அசுவில் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாகப் பழக்கூழ் ஆலையும் உறைகிடங்கும் இருப்பதால்தான் கணக்கு சரியாகிறது. ஆலை இல்லாத ஊரின் ஏழை விவசாயிக்கு மாடுதான் எளிது. அது தானே நடந்து சந்தைக்குப் போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கொக்கோ நல்ல லாபம் தந்தால், அந்த லாபத்தாலேயே பக்கத்துக் காட்டை வெட்டத் தோன்றும். காவல் இல்லாத இடத்தில் வேளாண்காடு காட்டைத் தின்னவும் கூடும்.

ஆகவே காவலை விட்டுவிட்டு இவ்விரண்டையும் பேசுவதில் பொருளில்லை. அமேசான் காட்டுப் பகுதியில் தனியார் நிலமானாலும் பொதுவாக 80 சதவீதத்தைக் காடாக வைத்திருக்க வேண்டும் என்பது பிரேசில் சட்டம். 2008இல் அதிகம் காடழித்த வட்டாரங்களை அரசு கரும்பட்டியலில் சேர்த்தது. அமேசானில் சட்டத்தை மதிக்காத பண்ணைகளுக்கு வங்கிக் கடனும் அடைபட்டது. பட்டியலில் இருந்த பராகோமினாஸ் பண்ணைகளை அளந்து பதிவுசெய்து, வெட்டுவதைக் குறைத்து, 2010இல் முதல் ஊராக வெளியே வந்தது. பிரேசில் அமேசானில் 2004இல் ஓராண்டில் அழிந்த காடு 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2012இல் அது சுமார் 4,600 ஆக இறங்கியது. பிறகு காவல் தளர்ந்ததும் 2021இல் 13,000 வரை ஏறியது. கெடுபிடி திரும்பிய பின், 2024இல் சுமார் 6,300 ஆகியிருக்கிறது.