பழைய லேப்டாப்புக்கு எந்த மெயில் புரோகிராம்?

இன்னைக்கு ஒரே ஒரு லேப்டாப்பைப் பத்திப் பேசப் போறேன். கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்யும் அண்ணாச்சி ஒருவரோடது. மகள் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு இலவச லேப்டாப். 2 ஜிபி ராம், சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். விண்டோஸை எடுத்துட்டு டெபியன் லினக்ஸ் போட்டிருக்கோம். வெளியூர் ஆர்டரெல்லாம் மெயிலில்தான் வருது. ஜிமெயிலைத் திறந்தால் எலி அம்பு உறைஞ்சு நிக்குது. "காலைல வந்த ஆர்டரை மத்தியானம்தான் பாக்கேன், அதுக்குள்ள அவங்க வேற ஆள்ட்ட வாங்கிருதாங்க"ன்னார்.

இதே மெஷினில் முன்னாடி ஓடிச்சே என்று கேட்பீங்க. ஜிமெயிலுக்கு வெறும் எழுத்தும் லிங்க்குமா ஒரு எளிய பக்கம் இருந்தது, பழைய கம்ப்யூட்டருக்கு அதுதான் உயிர். கூகுள் அதை 2024-ல் நிறுத்திருச்சு. இப்போ வர்ற பக்கம் பிரவுசருக்குள்ளே ஓடும் பெரிய புரோகிராம்.

ராம் பத்தலைன்னா கணினி உடனே நின்னுடாது. உபயோகத்தில் இல்லாத பகுதியை டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப் என்ற இடத்துக்குத் தள்ளும், வேணும்போது திரும்ப எடுக்கும். டிஸ்க் வேகமா இருந்தா இது தெரியாது. சுழலும் டிஸ்க்கில் ஒவ்வொரு தடவையும் ஊசி இடம் மாறணும். அதான் அந்த உறைச்சல். உங்க மெஷினில் இதுதான் நடக்குதான்னு பார்க்க, மெயிலைத் திறந்து வச்சுக்கிட்டு இதைக் கொடுங்க:

```
vmstat 5
```

`si`, `so` என்ற இரண்டு வரிசைகளில் பூஜ்ஜியம் இல்லாமல் எண்கள் தொடர்ந்து வந்தால் ராம்தான் பிரச்சினை. பூஜ்ஜியமாவே இருந்தும் மெதுவா இருந்தால் நெட்டையோ டிஸ்க்கையோ பாருங்க, மெயில் புரோகிராமை மாத்தி பிரயோஜனமில்லை.

தண்டர்பேர்ட் நல்ல புரோகிராம். ஆனால் அதுக்குள்ளே இருப்பது ஃபயர்ஃபாக்ஸின் அதே என்ஜின். 2 ஜிபியில் பிரவுசரைத் தப்பிச்சு இன்னொரு பிரவுசரிடம் மாட்டின கதை. டிஸ்க்குக்கும் அது வேலை வைக்கும்: வழக்கமா ஒரு ஃபோல்டரின் மெயிலெல்லாம் ஒரே பெரிய ஃபைலில் இருக்கும், அழித்த மெயிலை நிஜமா நீக்க அந்த ஃபைலையே திரும்ப எழுதணும். 4 ஜிபி இருந்தால் அதையே வச்சுக்கலாம், தேடலுக்கான இன்டெக்ஸை மட்டும் அணைச்சுருங்க.

மறுகோடியில் மட் இருக்கு. டெர்மினலில் ஓடும், ராமே எடுக்காது. எனக்குப் பிடிக்கும். ஆனால் பெரும்பாலான டெர்மினல்களில் தமிழ் சரியா வராது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம். தமிழில் ஆர்டர் எழுதுறவங்களோட பழகும் அண்ணாச்சிக்கு அது சரிப்படாது.

நான் போட்டது கிளாஸ் மெயில். சில்ஃபீட் என்ற புரோகிராமில் இருந்து பிரிஞ்சு வந்தது.

```
sudo apt install claws-mail
```

ஐமேப் முறையில் முதலில் தலைப்புகளை மட்டும் எடுக்கும். மெயிலைத் தொட்டால்தான் உள்ளடக்கம் வரும். ஒவ்வொரு மெயிலும் தனித்தனி ஃபைல், ஒண்ணை அழிச்சா அது மட்டும் போகும். தமிழ் ஒழுங்கா தெரியும்.

கணக்குச் சேர்க்கும்போது ஒரு இடத்தில் தடுக்கும். ஜிமெயிலின் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு என்ற 16 எழுத்துச் சொல்லை வாங்கிப் போடணும். வரும் மெயிலுக்கு `imap.gmail.com`, போர்ட் 993. போகும் மெயிலுக்கு `smtp.gmail.com`, போர்ட் 465.

ஆனாலும் முதல் தடவை இன்பாக்ஸைத் திறந்தப்போ வெகுநேரம் சுத்திச்சு. பல வருஷ மெயில் அப்படியே கிடக்கு. வேற ஒரு நல்ல கணினியில் ஜிமெயில் அமைப்புகளுக்குப் போய் இரண்டு வேலை செய்தோம். `Labels` பகுதியில் `All Mail`-க்கு எதிரே `Show in IMAP` டிக்கை எடுத்தோம். இல்லைன்னா ஒரே மெயில் இரண்டு ஃபோல்டரில் வரும். அடுத்து `Forwarding and POP/IMAP` பகுதியில், ஒரு ஃபோல்டருக்கு 1,000 மெயில் போதும் என்று வரம்பு வச்சோம். பழசெல்லாம் ஜிமெயிலில் பத்திரமா இருக்கும், ஆனால் கிளாஸில் தேடினால் அகப்படாது. அதுக்கு அண்ணாச்சி போனைத்தான் எடுக்கணும்.

இன்னொரு குறை உண்டு. படமும் கலருமா வரும் மெயில்கள் கிளாஸில் வெறும் எழுத்தாத்தான் தெரியும். அதைக் காட்ட ஃபேன்சி என்ற செருகுநிரல் இருக்கு, ஆனால் அது ஒரு பிரவுசர் என்ஜினையே கூட்டிட்டு வரும். அதைப் போடலை. அண்ணாச்சிக்கு வேண்டிய பர்சேஸ் ஆர்டர் பிடிஎஃப் இணைப்பாத்தான் வருது, அது தனி புரோகிராமில் திறக்குது. இப்போ மெயிலைத் திறந்து வச்சுக்கிட்டே `vmstat` ஓட்டினா அந்த இரண்டு வரிசையிலும் அநேகமா பூஜ்ஜியம்தான். பிரவுசரில் பத்து டேப்பைத் திறந்தால் பழைய கதைதான்னு சொல்லி வச்சிருக்கேன்.