மணிமாலைக்கு நான்கு வரி

இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் மதக்கல்வியும் ஒரு பாடம். அதன் ஒரு பகுதியாகச் சில தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளே வழிபாட்டுப் பொருள்களைக் காட்சிக்கு வைத்து, விளக்கக் குறிப்பும் எழுதி, பெற்றோரைப் பார்க்க அழைக்கிறார்கள்.

முதலில், எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். குர்ஆனை மரத்தாங்கியில், மற்றப் பொருள்களைவிட உயரமாக வைப்பது மரியாதை. சீக்கியர்களின் குரு கிரந்த் சாகிபை மேசையில் வைக்கவே கூடாது. அவர்களுக்கு அது வாழும் குரு. அதன் படம் போதும்.

அடுத்தது குறிப்பு. இருவர் சேர்ந்து ஒரு பொருளுக்கு நான்கு வரி எழுதலாம். முஸ்லிம்களின் தஸ்பீஹ் மாலையை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்: “இது முஸ்லிம்களின் மணிமாலை. எல்லா முஸ்லிம்களும் இதை வைத்திருப்பார்கள்.” இதில் இரண்டு குறைகள். மாலையை வைத்து என்ன செய்கிறார்கள் என்பது இல்லை; ‘எல்லாரும்’ என்பது உண்மையும் இல்லை. திருத்தி எழுதினால் இப்படி வரும்: “இது தஸ்பீஹ் மாலை. இதில் 99 மணிகள் உள்ளன. பல முஸ்லிம்கள் தொழுகை முடிந்ததும் இறைவனைப் புகழ்ந்தபடி ஒவ்வொரு மணியாகத் தள்ளுகிறார்கள். விரல்களில் எண்ணுகிறவர்களும் உண்டு.”

பக்கத்தில் கத்தோலிக்கரின் 59 மணி ஜெபமாலையும் இந்துக்களின் 108 மணி ஜபமாலையும் இருந்தால், பார்க்கிறவர்கள் “எல்லாம் ஒன்றுதான்” என்று நகர்ந்துவிடுவார்கள். கத்தோலிக்கர் ஜெபமாலை சொல்லும்போது இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சிகளைத் தியானிக்கிறார்கள் என்று குறிப்பில் இருந்தால்தான் வேறுபாடு தெரியும். எந்த மதப் பொருளையும் எந்தப் பிள்ளையும் எழுதலாம். ஒரு முஸ்லிம் சிறுமியை அவள் மதத்துக்கே பேச்சாளராக நிறுத்த வேண்டியதில்லை.

குறிப்பு புரிந்ததா என்பதைக் கருத்துத் தாள் சொல்லிவிடும். “கண்காட்சி பிடித்ததா?” என்று கேட்டால் எல்லாரும் ‘ஆம்’ என்றுதான் எழுதுவார்கள். அதைவிட மூன்று கேள்விகள் போதும்: எந்தப் பொருளின் முன் அதிக நேரம் நின்றீர்கள்? அதைப் பற்றி அறிந்த ஒன்றை உங்கள் சொற்களில் எழுதுங்கள். இன்னும் கேட்க நினைப்பது என்ன?

மறுநாள் வகுப்பில் தாள்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க வேண்டும். தஸ்பீஹ் பற்றி “99 மணி” என்று மட்டுமே பலர் எழுதியிருந்தால், குறிப்பு எண்ணைச் சொல்லியது, பயனைச் சொல்லவில்லை என்று பொருள். “ஏன் 99?” என்று கேட்டிருந்தால் பிள்ளைகள் விசாரித்து அறியலாம்: ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹு அக்பர் என்று 33 தடவை வீதம் ஓதுவது வழக்கம், மூன்றும் சேர்ந்து 99. அந்த வரியைச் சேர்த்து எழுதிய குறிப்பு பழையதைவிட நல்லது.

ஆகவே ஆசிரியர்களே, கண்காட்சி முடிந்ததும் மேசையைக் காலி செய்துவிடாதீர்கள். குறிப்புகளைத் திருத்தி எழுத இன்னொரு பாடவேளை ஒதுக்குங்கள்.