பி பிளாக், மூணாவது மாடி, வெள்ளை ஸ்விஃப்ட்

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. வீட்டில் விட்டால் வெள்ளம் ஏறிவிடும் என்ற பயம். அப்படிப்பட்ட ராத்திரியில் கீழ்த்தளத்திலேயே கிடக்கும் வண்டிக்காரரை வாட்ச்மேன் எழுப்ப வேண்டும். அவர் கண்ணுக்குத் தெரிவது நம்பர் பிளேட் மட்டும்தான்.

அடுக்குமாடிச் சங்கம் வண்டி விவரம் கேட்டு ஒட்டும் நோட்டீஸ் இதற்காகத்தான். ஆனால் அதற்கு வரும் பதில்கள்? "சார், நம்ம பி பிளாக், மூணாவது மாடி, வெள்ளை ஸ்விஃப்ட்" என்கிறார் ஒருவர். இன்னொருவர் ஆர்.சி. புத்தகத்தையே படமெடுத்து அனுப்புகிறார். பி-304, 304பி, பி 304 எல்லாம் செயலாளருக்கு ஒரே வீடு. எக்செலுக்கு மூன்று வீடுகள். அதனால்தான் "இதே வரிசையில், ஒரே வரியில்" என்று மாதிரி தருகிறார்கள். (கீழே உள்ளது எங்கும் இல்லாத வண்டி எண்.)

```
B-304,TN00AB0045,0045,CAR
```

முழு எண்ணைக் கேட்டுவிட்டு, கடைசி நான்கு இலக்கத்தை மறுபடி கேட்பது ஏன்? வாட்ச்மேன் மனத்தில் நிற்பது அந்த நான்குதான். வாசலில் தொங்கும் பட்டியலை வீட்டு எண்படி அடுக்கினால் அவருக்குப் பயனில்லை. வண்டியிலிருந்து வீட்டைத் தேடுகிறவர் அவர். நான்கு இலக்கப்படி அடுக்கினால் ஒரு நிமிடத்தில் ஆள் கிடைப்பார்.

எக்செலே அதை எடுத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். `=RIGHT(B2,4)` என்றால் எடுக்கும், தமிழ்நாட்டுப் பதிவு எண்ணாக இருந்தால். 2021-இல் வந்த பாரத் வரிசை எண்ணில் ஆண்டு முதலில், எழுத்து கடைசியில்: `22BH0045AA`. அதில் இந்தச் சூத்திரம் `45AA` என்று காட்டும். ஊர் ஊராக மாற்றலாகும் வேலைக்காரர் வீட்டில் இந்த வண்டி இருக்க வாய்ப்பு அதிகம். தனியாகக் கேட்டு வாங்குவதே மேல்.

இன்னொரு வம்பு. `0045` என்று அடித்தால் எக்செல் முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கி `45` ஆக்கிவிடும். வீட்டு எண் `3-4` என்றால் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். `2E3` என்றால் இரண்டாயிரம் ஆகிவிடும். விவரத்தை ஒட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டங்களை `Text` என்று மாற்றிவிட வேண்டும். ஒட்டிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது. கடைசி நான்கு இலக்கக் கட்டத்தில் நான்குக்கும் குறைவான இலக்கமோ, பட்டியலில் தேதியோ தென்பட்டால் அங்கே இந்தக் கோளாறு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

செல்போன் எண்ணை மாதிரியில் சேர்க்காதது வேண்டுமென்றேதான். வாசல் பட்டியலை யாரும் படம் பிடிக்கலாம். இன்டர்காமில் அழைக்க வீட்டு எண் போதும். செல் எண் தேவையென்றால் செயலாளருக்குத் தனியே அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள். வாடகைக்கு இருப்பவர் காலி செய்யும் அன்றே அந்த வரியையும் நீக்கச் சொல்லிவிடுங்கள்.