‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்’ என்று பதில் வந்தால்

பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு, இரண்டு நிலத்தடித் தளங்களோடு அடுக்குமாடிக் கட்டடம் எழுகிறது. பைலிங் தொடங்கியதும் அலமாரியில் பாத்திரங்கள் கிடுகிடுக்கின்றன. குழந்தை தூங்குவதில்லை. படுக்கையறைச் சுவரில் விரிசல் தெரிகிறது. தெருவாசிகள் கையெழுத்துப் போட்டுப் புகார் அனுப்புகிறார்கள். சில நாட்களில் கட்டுமான நிறுவனத்தின் பதில் வருகிறது. சென்னையில் இத்தகைய பதில்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். எடுத்துக்காட்டுக்காக ஒன்றை எழுதிப் பார்ப்போம்:

“தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். பணிகள் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை மட்டுமே நடைபெறுகின்றன. தவிர்க்க இயலாத கான்கிரீட் நாட்களில் சற்று நீடிக்கலாம். மனையைச் சுற்றி 20 அடி உயரத்துக்குத் தகரத் தடுப்பு அமைத்துள்ளோம். ஜெனரேட்டருக்கு ஒலி தடுப்புக் கூண்டு உள்ளது. அதிர்வு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது. தங்கள் வீட்டு விரிசல்கள் கட்டடத்தின் வயதால் ஏற்பட்டவை. பைலிங் மூன்று வாரங்களில் முடியும். தங்கள் ஒத்துழைப்பை நாடுகிறோம்.”

மரியாதையான கடிதம்தான். இதில் உள்ளவை எல்லாம் பொய் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க முடியுமா என்று பார்ப்பதும், எதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்று கவனிப்பதும்தான் படிக்கிறவர் செய்ய வேண்டியவை.

நேரத்தில் தொடங்குவோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மற்றது இரவு. இந்த விதிகளில் 2010இல் செய்த திருத்தம், குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கவே கூடாது என்கிறது. ஆகவே ‘இரவு 10 வரை’ என்பது நிறுவனம் செய்த சலுகை அல்ல, சட்டம் போட்ட எல்லை. ‘சற்று நீடிக்கலாம்’ என்ற அரை வரியில்தான் விஷயம் இருக்கிறது. பகலில் கனரக வண்டிகளுக்குப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, ராஃப்ட் கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது என்று காரணம் சொல்வார்கள். காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நிறுவனம் தனக்குத் தானே விலக்கு அளித்துக்கொள்ள முடியாது. இரவு 10 மணிக்குப் பிறகு வைப்ரேட்டரும் கான்கிரீட் பம்பும் ஓடினால் டெசிபல் அளந்து நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இரவுக் கட்டுப்பாட்டை மீறியதே புகாருக்குப் போதும். நேரம் தெரியும்படி எடுத்த வீடியோவோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். விதிகளின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது அதற்கென நியமிக்கப்பட்ட, டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரியிடம் இருக்கிறது. புகாரின் நகல் அங்கேயும் போகட்டும்.

பகல் சத்தம் கொஞ்சம் சிக்கலானது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு வரம்பு 45. அதைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் செய்யலாம். ஆனால் நகரத்துத் தெருக்களில் வண்டிச் சத்தமே 55ஐத் தாண்டிவிடும். ஆகவே வேலை நடக்கும்போது ஓர் அளவு, சாப்பாட்டு இடைவேளையில் எல்லா இயந்திரங்களும் நின்றிருக்கும்போது ஓர் அளவு என்று இரண்டு வேண்டும். அந்த வித்தியாசம்தான் கட்டுமானத்தின் பங்கைக் காட்டும். கைப்பேசிச் செயலி உங்களுக்கு ஒரு குத்துமதிப்பைத் தரும், அவ்வளவே. அதிகாரியின் முன் நிற்க, அளவுத்திருத்தச் சான்று உள்ள கருவியில் எடுத்த அளவு தேவை.

தகரத் தடுப்பு தரைத்தளத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் உதவும். இயந்திரத்துக்கும் காதுக்கும் இடையிலான நேர்க்கோட்டை மறைத்தால்தான் எந்தத் தடுப்பும் வேலை செய்யும். இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ரிக் தெரிகிறது என்றால், அந்த வீட்டுக்குத் தடுப்பு இல்லை என்றே பொருள். மெல்லிய தகரம் தானே அதிர்ந்து சத்தத்தைக் கடத்தவும் செய்யும். ஜெனரேட்டர் கூண்டைச் சோதிப்பது எளிது: கூண்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது 1,000 கே.வி.ஏ. வரையுள்ள ஜெனரேட்டர்களுக்கான விதி. சூடு தாங்காமல் கூண்டின் கதவைத் திறந்து வைத்து ஓட்டுவது தளங்களில் வழக்கம். அப்படித் திறந்து வைத்தால் கூண்டு இருந்தும் பயனில்லை.

அடுத்தது, ‘அதிர்வு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்’. யார் அனுமதித்த அளவு? சத்தத்துக்கு இருப்பதுபோல, கட்டுமான அதிர்வுக்கென்று எண்ணோடு கூடிய பொதுவான சட்ட வரம்பு நம்மிடம் இல்லை. பொறியாளர்கள் பெரும்பாலும் ஜெர்மனியின் டின் 4150 தரநிலையையோ, சுரங்க வெடிவைப்புக்காகச் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் 1997இல் வெளியிட்ட சுற்றறிக்கையையோ எடுத்துக்கொள்கிறார்கள். மெதுவான, தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அசைவுக்கு இரண்டும் சாதாரண வீடுகளுக்குச் சொல்வது நொடிக்கு 5 மி.மீ. என்ற அளவை. அதிர்வெண் கூடினால் வரம்பும் கூடும். எந்தத் தரநிலை, எந்த எண், எந்த நாள், எந்த இயந்திரம் ஓடியபோது, கருவியை எங்கே வைத்து அளந்தார்கள் என்று எழுதாத கடிதம் எதையும் சொல்லவில்லை. கருவி அவர்களுடைய வாட்ச்மேன் அறையில் இருந்தால் போதாது. உங்கள் வீட்டின், தளத்துக்கு மிக அருகிலுள்ள அஸ்திவாரப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இங்கே கட்டுநர் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. மனித உடல் அதிர்வை உணர்வதில் மிகவும் கூர்மையானது. நொடிக்கு 0.3 மி.மீ. அளவிலேயே வீட்டுக்குள் இருப்பவர் அதை உணரத் தொடங்குவார். சாதாரண வீட்டுக்குச் சேதம் வரும் அளவு அதைப்போலப் பல மடங்கு. பாத்திரம் கிடுகிடுப்பதாலேயே சுவர் பிளந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். பைலிங் முறையும் முக்கியம். சுழன்று துளையிடும் ஹைட்ராலிக் ரிக்கின் அதிர்வு குறைவு. முக்காலியில் கட்டிய கனமான உளியைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையை உடைக்கும் முறையில் அதிர்வு அதிகம். ‘எந்த முறை, பாறை வந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்பது நல்ல கேள்வி.

ஆனால் அந்தக் கடிதத்தில் இல்லாத ஒன்றைப் பாருங்கள். குழி. இரண்டு நிலத்தடித் தளங்கள் என்றால் சுமார் 24 அடி ஆழம். பக்கத்தில் 12 அடி தள்ளி, 35 ஆண்டு பழைய மாடி வீடு, நாலைந்து அடி ஆழ அஸ்திவாரத்தில் செங்கல் சுவர்களின் மேல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வீட்டுக்கு உண்மையான ஆபத்து பைலிங் அதிர்வைவிட, மண் பக்கவாட்டில் குழியை நோக்கி நகர்வதிலும், குழியை உலர வைக்க இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைப்பதிலும்தான் அதிகம். நீர்மட்டம் இறங்கினால் களிமண் சுருங்கி அமுங்கும். மணற்பாங்கான இடத்தில் இறைக்கும் நீரோடு மணலும் வரலாம். அதைச் சோதிக்க ஒரு வாளி போதும். வெளியேறும் குழாய் நீரைப் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் தங்குகிறது, தொடர்ந்து சில நாட்கள் அப்படியே வருகிறது என்றால் சுற்றுப்புறத்து மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

விரிசலும் ஓரளவு பேசும். பூச்சில் வலைபோல் ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சு சுருங்கியவை. மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கையாக ஓடும் விரிசலுக்கு வெயிலே காரணமாக இருக்கலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் புறப்பட்டு, ஒரு முனை அகன்றும் மறுமுனை ஒடுங்கியும் போவது அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதன் அடையாளம். கூடவே கதவு பிடிக்கத் தொடங்கினால் சந்தேகம் வலுக்கும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒட்டுங்கள். அது உடைந்தால் சுவர் நகர்கிறது. வாரம் ஒரு முறை ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பைலிங் முடிந்த பிறகும் விரிசல் அகன்றுகொண்டே போனால், ‘மூன்று வாரங்களில் முடியும்’ என்ற ஆறுதலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. காரணத்தைக் குழியில்தான் தேட வேண்டும்.

‘கட்டடத்தின் வயதால்’ என்ற வரியை மறுக்க இருப்பது ஒரே சான்று: வேலை தொடங்குவதற்கு முன் வீடு எப்படி இருந்தது என்ற பதிவு. பொறுப்பான நிறுவனங்கள் அக்கம்பக்கத்து வீடுகளைப் பொறியாளரை வைத்து முன்கூட்டியே படமெடுத்து, இருதரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளும். அது இல்லாமல் வயதைக் காரணம் காட்டுவது ஊகம். அதேபோல, அது இல்லாமல் எல்லா விரிசலையும் அவர்கள் தலையில் போடுவதும் ஊகம்தான்.

ஆகவே இரண்டாவது கடிதம் எழுதுங்கள். அதில் சத்தத்தைவிடக் குழியைப் பற்றி அதிகம் கேளுங்கள். மண் சரியாமல் தாங்கும் அமைப்பின் வடிவமைப்பில் கையெழுத்திட்ட பொறியாளர் யார், நீர் எவ்வளவு ஆழத்திலிருந்து இறைக்கப்படுகிறது, உங்கள் வீடு இறங்குகிறதா என்பதை யார் எத்தனை நாளுக்கு ஒரு முறை அளக்கிறார்கள், அந்த அளவு எவ்வளவு கூடினால் வேலையை நிறுத்துவார்கள்? கடைசிக் கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்கிற நிறுவனத்தை நம்பலாம். காப்பீட்டையும் கேளுங்கள். ஒப்பந்ததாரர் எடுக்கும் ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசியில் மூன்றாம் தரப்புச் சேதத்துக்கு இடம் உண்டு. ஆனால் அதிர்வாலும் பக்க ஆதாரம் பலவீனமாவதாலும் வரும் சேதம், பொதுவாகக் கூடுதல் பிரிவாகச் சேர்த்தால்தான் அடங்கும். ‘பாலிசி இருக்கிறது’ என்பது அரைப் பதில்.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அதன் நிபந்தனைகளை எப்படிப் பின்பற்றுகிறார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தரவும் வேண்டும். அந்த நிபந்தனைகளைப் படித்துப் பார்ப்பது பயன் தரும்.

விரிசல் நகர்கிறது, பதிலும் இல்லை என்றால் சிவில் நீதிமன்றமே சரியான இடம். இடைக்காலத் தடை கேட்கும்போதே, வீட்டைப் பார்வையிட அட்வகேட் கமிஷனரை நியமிக்கவும், அவரோடு ஒரு பொறியாளர் செல்லவும் மனு போடலாம். குழியை மூடிக் கட்டடம் எழுந்துவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது, அதனால் இந்த மனு சீக்கிரம் போக வேண்டும். பக்கத்து மண் உங்கள் நிலத்தைத் தாங்கி நிற்பது இயற்கை உரிமை என்று 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டம் ஏற்கிறது. தடையின்றி 20 ஆண்டுகளாக அந்தத் தாங்குதலைப் பெற்று நிற்கும் வீட்டுக்கும் அந்த உரிமையைக் கோரலாம். ‘உங்கள் வீடு பழையது’ என்று நிறுவனம் எழுதிய வரி, இந்த இடத்தில் உங்கள் வாதத்துக்கே வலு சேர்க்கும்.

பூச்சு வேலைக்கும் பெயின்ட்டுக்கும் ஒரு தொகை தருகிறோம், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுங்கள் என்று இடையில் ஆள் வரலாம். நிலத்தடித் தளங்கள் கட்டி முடிந்து, நீர் இறைப்பதும் நின்று, கண்ணாடிப் பட்டைகள் சில மாதங்கள் உடையாமல் இருப்பது உறுதியாகும்வரை அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.