தவணை மாறாத வீட்டுக் கடனில் காலம் நீள்வது எப்படி?

இந்தியாவில் 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் மாறும் வட்டியில் தரும் புதிய வீட்டுக் கடன்கள் அனைத்தும் வங்கிக்கு வெளியே உள்ள ஓர் அளவுகோல் வட்டியோடு இணைக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எந்த அளவுகோல் என்பதை வங்கி தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலான வங்கிகள் ரெப்போ விகிதத்தையே எடுத்துக்கொண்டன. குறுகிய காலத் தேவைக்காக ரிசர்வ் வங்கியிடம் பணம் வாங்கும் வங்கிகள் அதற்குக் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ.

கடன்தாரரின் வட்டி இந்த ரெப்போவும் அதன் மேல் வங்கி சேர்க்கும் ஸ்ப்ரெட்டும் கூடியது. ரெப்போ 4 சதவீதம், ஸ்ப்ரெட் 3 சதவீதம் என்றால் கடனுக்கு வட்டி 7 சதவீதம். வங்கியின் செலவும் லாபமும், கடன்தாரரின் திருப்பிச் செலுத்தும் திறன் பற்றிய அதன் கணிப்பும் ஸ்ப்ரெட்டில் அடக்கம். கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது வங்கி தன் விருப்பப்படி ஸ்ப்ரெட்டை உயர்த்த முடியாது. கடன்தாரரின் கடன் தகுதியில் பெரிய மாற்றம் வந்தால் அதற்குரிய பகுதியைத் திருத்தலாம். செலவு போன்ற மற்ற பகுதிகளை உயர்த்துவதானால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் முடியும். ஆகவே மாதாமாதம் செலுத்துகிறவரின் வட்டியில் இடையே வரும் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய முழுவதும் ரெப்போவிலிருந்து வருவது.

ரெப்போ மாறிய அன்றே கடனின் வட்டி மாறிவிடுவதில்லை. ஒவ்வொரு கடனுக்கும் மறுநிர்ணய நாள் ஒன்று உண்டு. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுநிர்ணயம் நடந்தாக வேண்டும். சில வங்கிகள் அடுத்த மாதமே மாற்றுகின்றன. வேறு சில, காலாண்டின் முதல் நாளுக்குக் காத்திருக்கின்றன. ஆகஸ்ட் 5-ல் அறிவிக்கப்பட்ட மாற்றம் ஒரு கடனில் அக்டோபர் 1-ல் ஏறலாம். வட்டி குறையும்போதும் இதே தாமதம்தான்.

2022 மே 4-ல் தொடங்கி 2023 பிப்ரவரி 8 வரை, ஆறு முறை உயர்த்தப்பட்டு, ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. இந்த ஏற்றம் ஒரு கடனுக்குள் என்ன செய்தது என்பதைக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 7 சதவீத வட்டி என்று ஒரு கடன். மாதத் தவணை 23,259 ரூபாய். முதல் மாதம் அதில் வட்டிக்கே 17,500 போய்விடுகிறது. அசலில் கழிவது 5,759 ரூபாய்தான். பன்னிரண்டு தவணை கட்டியபின் மீதி அசல் சுமார் 29,28,600 ரூபாய். கணக்கு எளிதாக இருக்க, ரெப்போவின் முழு ஏற்றமும் இந்த இடத்தில் ஒரே தடவையாக வந்தது என்று கொள்ளலாம். வட்டி 9.5 சதவீதம் ஆகிறது.

இப்போது ஒரு மாத வட்டி மட்டும் 23,185 ரூபாய். தவணையை மாற்றாமல் விட்டால் அசலில் கழிய மிஞ்சுவது வெறும் 74 ரூபாய். இந்த வேகத்தில் கடன் தீர இன்னும் 60 ஆண்டுக்கு மேல் ஆகும். வட்டி மேலும் 0.05 சதவீதம் ஏறினாலே தவணை வட்டிக்குப் போதாது. கட்டக் கட்டக் கடன் வளரத் தொடங்கும். இப்படி நேர வங்கிகள் விடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி கூறியிருக்கிறது.

வட்டி ஏற்றம் காலத்தை இவ்வளவு முரட்டுத்தனமாக நீட்டக் காரணம், கடனின் தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டியாகவே இருப்பதுதான். தவணை நிலையாக நின்றால், கூடுகிற வட்டி அசலுக்குரிய சிறு பகுதியைத்தான் தின்னும். வட்டி 8 சதவீதமாக மட்டும் ஏறியிருந்தால்கூட, மீதமிருந்த 228 தவணைகள் 276 ஆகியிருக்கும். ஒரு சதவீதத்துக்கு நான்கு ஆண்டு! அதே ஏற்றம் கடனின் கடைசி ஆண்டுகளில் வந்தால் சில மாதங்களோடு போய்விடும். அங்கே தவணையில் பெரும்பங்கு அசல். வட்டிக்கு இடம் குறைவு.

வங்கிக்கணக்கிலிருந்து மாதாமாதம் அதே தொகை போய்க்கொண்டிருந்ததால், 2022-23-ல் காலம் நீண்டதே பலருக்குத் தெரியவில்லை. இதை ஒட்டித்தான் 2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறுவதால் தவணைக்கோ காலத்துக்கோ நேரும் விளைவைக் கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்வு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. கட்டிய அசல், கட்டிய வட்டி, மீதித் தவணைகள் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கை காலாண்டுதோறும் தரப்பட வேண்டும்.

அந்தத் தேர்வின் விலை மேற்படி கடனில் தெளிவாகத் தெரிகிறது. காலம் மாறாமல் 228 மாதத்திலேயே கடனை முடிக்கத் தவணை 27,788 ரூபாயாக வேண்டும். மாதம் 4,529 கூடுதல். தொடக்கத்திலிருந்து மொத்தம் 30 ஆண்டு என்று காலத்தை நீட்டினாலும் 24,778 ரூபாய் கட்டியாக வேண்டும். மாதம் 3,000 ரூபாய் இலேசாகிறது. ஆனால் 9.5 சதவீதமே கடைசிவரை நீடித்தால், மொத்தத்தில் சுமார் 23 லட்சம் ரூபாய் அதிகம் போகிறது. பழைய தவணையும் பழைய காலமும் இரண்டுமே மாறக்கூடாது என்றால் ஒரே வழி, அசலில் சுமார் 4.77 லட்சத்தை முன்கூட்டியே கட்டுவது. மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது.

இறக்கத்தின்போது கணக்கு திரும்புகிறது. 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ நான்கு தடவையாக 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. நம் கடனில் தவணையை 27,788 ஆக்கி, இரண்டு ஆண்டு கட்டி, பிறகு வட்டி 8.25 ஆனது என்றால் மீதி அசல் சுமார் 28.07 லட்சம், மீதித் தவணைகள் 204. தவணையை அப்படியே விட்டால் 174 தவணையில் கடன் தீரும். இரண்டரை ஆண்டு மிச்சம். காலத்தை விட்டுத் தவணையைக் குறைத்தால் மாதம் 25,638 ரூபாய். கையில் இடம் உள்ளவர்கள் பழைய தவணையைத் தொடர்வதே நல்லது. ஏற்றத்தில் நீட்டிக்கொண்ட காலத்தைத் திரும்பப் பெற வேறு மலிவான வழி இல்லை.

வட்டி சரியாக இறங்கியதா என்று பார்ப்பது கடினமல்ல. கடன் ஒப்புதல் கடிதத்தில் அளவுகோலும் ஸ்ப்ரெட்டும் மறுநிர்ணய நாளும் எழுதப்பட்டிருக்கும். கணக்கு அறிக்கையில் உள்ள வட்டியிலிருந்து, கடைசி மறுநிர்ணய நாளில் இருந்த ரெப்போவைக் கழித்தால் கடிதத்தில் உள்ள ஸ்ப்ரெட் வர வேண்டும். அதைவிடக் கூடுதலாக வந்தால் வங்கியிடம் எழுத்தில் விளக்கம் கேட்கலாம். 2019 அக்டோபருக்கு முன் எடுத்த கடன்களில் இந்தக் கழித்தல் பலிக்காது. அவற்றில் பல, வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் எம்.சி.எல்.ஆர். விகிதத்தோடு கட்டப்பட்டவை, ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே மாறும் கடன்களும் அவற்றில் உண்டு. ரெப்போ இறங்கினாலும் அங்கே மெதுவாகவே எட்டும். இத்தகைய கடனை ரெப்போவுக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். வீட்டு வசதி நிதி நிறுவனங்களை 2019 விதி கட்டுப்படுத்துவதில்லை. அவை தாங்களே வகுத்துக்கொண்ட விகிதத்தைப் பின்பற்றலாம். ஆனால் தவணையா, காலமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்த 2023 சுற்றறிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.