பெட்டி கட்டும் முன் ஒரு முழுப்படம்

பிப்ரவரியில் மதுரையிலிருந்து டெல்லிக்கும் சிம்லாவுக்கும் ஒரு வாரப் பயணம் போகிறார் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். டெல்லிப் பகலுக்குப் பருத்திக் குர்த்தி போதும். சிம்லா இரவோ பூஜ்ஜிய டிகிரியை ஒட்டிய குளிர். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டிக்கு 7 கிலோதான் வரம்பு. தனித்தனி ஜோடிகளாக எடுத்து வைத்தால் பெட்டி மூடாது. ஒன்றோடொன்று மாற்றி மாற்றி அணியத்தக்க சில துணிகளை மட்டும் பொறுக்க வேண்டும். காப்ஸ்யூல் வார்ட்ரோப் என்று சொல்வது இதைத்தான்.

அவர் ஏழு துணிகளை எடுத்து வைக்கிறார்: வெள்ளைக் குர்த்தி, கடுகு மஞ்சளில் நீளக் குர்த்தி, சிவப்புக் கட்டம் போட்ட சட்டை, ஜீன்ஸ், கறுப்பு பேன்ட், மெரூன் ஸ்வெட்டர், பச்சை ஜாக்கெட். மூன்று மேலாடைகளும் இரண்டு கீழாடைகளும் சேர்ந்தால் ஆறு ஜோடிகள். அவற்றை அப்படியே போடலாம், ஸ்வெட்டரோடு போடலாம், ஜாக்கெட்டோடு போடலாம் என்று கணக்கிட்டால் 18 தோற்றங்கள். பதினெட்டையும் கண்ணாடி முன் போட்டுக் கழற்ற யாருக்குப் பொறுமை இருக்கும்? இங்கேதான் விர்ச்சுவல் ட்ரை-ஆன் உதவுகிறது. முழு உருவப் படம் ஒன்றையும் துணியின் படத்தையும் கொடுத்தால், அந்தத் துணியை அணிந்ததுபோன்ற படத்தை அது உருவாக்கித் தரும். சொந்தப் படத்திலேயே உடையைப் பொருத்திப் பார்க்கும் வசதியை 2025-இல் கூகுளும் கொண்டுவந்தது.

எல்லாம் அந்த முதல் படத்தைப் பொறுத்தது. போனை இடுப்பு உயரத்தில் நிறுத்தி, மூன்று மீட்டர் தள்ளி நிற்பது நல்லது. கிட்டத்தில் எடுத்தால் உடல் அளவுகள் கோணலாகிவிடும். தொளதொள சுடிதாரில் நின்றால் அதன் பருமன் புதிய உடையின் உருவத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே லெகிங்ஸும் உடலோடு ஒட்டிய டிஷர்ட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். கைகளைச் சற்று விலக்கி, கூந்தலைப் பின்னால் கட்டி, பயணத்துக்குக் கொண்டுபோகும் செருப்பையே அணிந்து நிற்கட்டும். குதிகால் உயரம் மாறினால் பேன்ட்டின் நீளமும் மாறித் தெரியும். துணிகளையும் அதே ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் படமெடுக்க வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த வெள்ளைக் குர்த்தி சந்தன நிறமாகிவிடும்.

பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில். ஒரு தோற்றம் வந்ததும் அதன்மேலேயே அடுத்த துணியை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு முறையும் படம் புதிதாக வரையப்படுவதால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஐந்தாவது படத்தில் தோள் அகன்றிருக்கும், இடுப்பு மெலிந்திருக்கும். மூலப் படத்தில் ஜீன்ஸை மட்டும் போட்டு ஒன்று, கறுப்பு பேன்ட்டை மட்டும் போட்டு ஒன்று என இரண்டு அடிப்படைப் படங்களைச் சேமித்துக்கொண்டு, ஒவ்வொரு மேலாடையையும் அவற்றிலிருந்தே தொடங்கிப் பார்ப்பதுதான் சரி.

படங்களை ஒரே திரையில் வரிசையாக அடுக்கியதும் நம் பயணியின் சிக்கல் தெரிகிறது. இடுப்பளவு ஜாக்கெட்டுக்குக் கீழே மஞ்சள் குர்த்தி ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாகத் தொங்குகிறது. மெரூன் ஸ்வெட்டரோடு சிவப்புக் கட்டம் மோதுகிறது. ஆனால் அந்தச் சட்டை ஜாக்கெட்டோடு அழகாகப் போகிறது, இரண்டு கீழாடைகளோடும் சேர்கிறது. எனவே அது இருக்கலாம். நீளக் குர்த்திக்குப் பதில் 30 அங்குலக் குட்டைக் குர்த்தி ஒன்றை எடுக்கிறார். அதற்காகப் புதிதாகப் பார்க்க வேண்டியது ஆறு தோற்றங்களை மட்டும்தான்.

நீளத்தைப் பற்றிய முடிவைப் படத்தை மட்டும் நம்பி எடுக்கக்கூடாது. ஹேங்கரில் தொங்கும் குர்த்தியின் படத்தை வைத்து அதன் உண்மையான அளவைக் கணினியால் கணக்கிட முடியாது, ஊகிக்கத்தான் முடியும். இன்ச் டேப் உண்மையைச் சொல்லும். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 40 அங்குலக் குர்த்தி முழங்காலுக்கு ஏறக்குறைய அரைச் சாண் கீழே முடியும். படத்தில் அது தொடையிலேயே நின்றால் அந்தத் தோற்றத்தை ஒதுக்கிவிட வேண்டும். சேலை, துப்பட்டா மடிப்புகளில் இந்தப் பிசகு இன்னும் எளிதாக நேரும்.

முழு உருவப் படத்தை முகம் தெரியாத சர்வருக்கு அனுப்பத் தயங்குவது நியாயமானதே. அப்படித் தயங்குபவர்கள் போனிலேயே துணியின் பின்னணியை நீக்கி, தங்கள் படத்தின்மேல் வெட்டி ஒட்டிப் பார்க்கலாம். அளவு மட்டும் கவனம்: திரையில் 160 செ.மீ. உருவம் 8 செ.மீ. இருந்தால், 100 செ.மீ. குர்த்தி 5 செ.மீ. இருக்க வேண்டும். துணி உடலில் படியும் விதம் இதில் தெரியாது. நிறப் பொருத்தமும் நீளமும் தெரியும். பெட்டி கட்ட அதுவே பெரும்பாலும் போதும்.

கனமான தோற்றத்தை மட்டும் நிஜமாகவே அணிந்து பார்க்க வேண்டும். குர்த்தி, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட் போட்டு ஜிப் ஏறுகிறதா, கையைத் தூக்கினால் தோள் பிடிக்கிறதா என்பதை எந்தப் படமும் காட்டாது. ஜிப் ஏறினால், அந்த ஜாக்கெட்டையும் ஜீன்ஸையும் விமானத்துக்குப் போட்டுக்கொண்டே கிளம்பலாம். பெட்டியின் எடையில் அவை சேராது.