ரகசியச் சாவி: 1

பிட்காயின் வாலட்டின் ரகசியச் சாவி என்பது வெறும் ஓர் எண். 1-லிருந்து ஏறத்தாழ 78 இலக்கம் வரை நீளும் எண்களில் எதுவாகவும் அது இருக்கலாம். அப்படியானால் எல்லாவற்றிலும் சிறியதான 1-ஐயே சாவியாக எடுத்துக்கொண்டு, அது எப்படி முகவரியாகிறது என்று பார்ப்போம். உலகமே அறிந்த சாவி இது, மறைக்க ஒன்றுமில்லை.

முதல் வேலை, ரகசியச் சாவியிலிருந்து பொதுச் சாவியைக் கணக்கிடுவது. பிட்காயின் இதற்கு secp256k1 என்ற வளைவரையைப் பயன்படுத்துகிறது. அதன் சமன்பாடு y² = x³ + 7. பள்ளியில் வரைபடத்தாளில் போட்ட வளைவு போன்றதுதான். ஆனால் இங்கே கணக்குகள் மிகப் பெரிய ஒரு பகா எண்ணால் வகுத்துக் கிடைக்கும் மீதிகளில் நடக்கின்றன. வளைவரையில் G என்றொரு தொடக்கப் புள்ளியை எல்லாருக்கும் பொதுவாக முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறார்கள். புள்ளியோடு புள்ளியைக் கூட்டவும் ஒரு விதி உண்டு. உங்கள் ரகசிய எண் எவ்வளவோ, G-யை அத்தனை முறை கூட்டினால் வந்து சேரும் புள்ளிதான் பொதுச் சாவி. நம் சாவி 1 என்பதால், விடை G-யேதான்:

```
0279be667ef9dcbbac55a06295ce870b07029bfcdb2dce28d959f2815b16f81798
```

தொடக்கத்திலுள்ள 02, புள்ளியின் y மதிப்பு இரட்டைப்படை என்கிறது. மீதி 64 எழுத்துகளும் x மதிப்பு. x தெரிந்தால் y-ஐச் சமன்பாட்டிலிருந்தே எடுத்துவிடலாம் என்பதால், முழுசாக எழுதுவதில்லை.

சாவி 1-க்குப் பதில் 100 என்றால்? நூறு தடவை கூட்ட வேண்டியதில்லை. G-யை இரட்டித்து 2, அதை இரட்டித்து 4, பிறகு 8, 16, 32, 64 என்று ஆறு படிகள். 64, 32, 4 மூன்றையும் சேர்க்க இன்னும் இரண்டு கூட்டல். எட்டே படிகளில் 100 வந்துவிட்டது. இதே வழியில் 78 இலக்க எண்ணுக்கும் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளே ஆகும். கைபேசி கண்சிமிட்டும் நேரத்தில் செய்துவிடும்.

திரும்பி வருவதுதான் நடவாத காரியம். சாதாரண எண்களில், 700 என்பது 7-இன் எத்தனை மடங்கு என்று கேட்டால் வகுத்துச் சொல்லிவிடலாம். வளைவரைப் புள்ளிகளை அப்படி வகுக்க வழி யாருக்கும் தெரியாது. இன்றுள்ள சாதாரணக் கணினிகளுக்குத் தெரிந்த மிகச் சிறந்த முறைக்கும் ஏறத்தாழ 2¹²⁸ படிகள் வேண்டும். 39 இலக்கங்கள் கொண்ட எண் அது. நூறு கோடி கணினிகள், ஒவ்வொன்றும் நொடிக்கு லட்சம் கோடி படிகள் என்று ஓடினாலும், ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே முகவரி இருக்கட்டும், பொதுச் சாவியையே ஊரறியச் சொன்னாலும் ரகசிய எண் வெளியே வராது. பாதுகாப்பின் அடித்தளம் இந்த ஒருவழிக் கணக்குதான்.

அடுத்து, இந்தப் பொதுச் சாவியை முகவரியாகச் சுருக்குகிறார்கள். முதலில் SHA-256, அதன் விடையின்மேல் RIPEMD-160 என்று இரண்டு ஹேஷ் கணக்குகள். எவ்வளவு பெரிய தகவலைக் கொடுத்தாலும் குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு கைரேகையைத் தருவது ஹேஷ். உள்ளே போவதில் ஒரு புள்ளியை மாற்றினாலும் விடை அடியோடு மாறிவிடும். விடையிலிருந்து உள்ளே போனதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. நம் பொதுச் சாவிக்குக் கிடைப்பது 20 பைட்டுகள்:

```
751e76e8199196d454941c45d1b3a323f1433bd6
```

முகவரியின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் மனிதர் கையாள வசதிக்காக. முன்னால் 00 என்ற ஒரு பைட்டைச் சேர்க்கிறார்கள். இதுவரை உள்ளதை SHA-256-இல் இரண்டு முறை போட்டு, விடையின் முதல் நான்கு பைட்டுகளைச் சரிபார்ப்புக்காக வாலில் ஒட்டுகிறார்கள். பிறகு மொத்தத்தையும் 58 எழுத்துகளில் எழுதுகிறார்கள். இலக்கங்களும் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளும் சேர்ந்து 62. அவற்றில் பார்வைக்குக் குழப்பும் 0, O, I, l நான்கையும் விலக்கிவிட்டார்கள். யோசித்துச் செய்த ஏற்பாடு. முடிவில் வருவது:

```
1BgGZ9tcN4rm9KBzDn7KprQz87SZ26SAMH
```

முன்னால் சேர்த்த 00 தான் தொடக்கத்தில் 1 ஆகத் தெரிகிறது. கடைசி H-ஐ J என்று தவறாக அடித்தால், வாலிலுள்ள நான்கு பைட்டுகள் ஒத்துவராது. வாலட் அப்போதே மறுத்துவிடும். கண்டபடி அடித்த முகவரி ஒன்று தற்செயலாகத் தப்பிப் போக வாய்ப்பு சுமார் 430 கோடியில் ஒன்று. இப்போது பரவலாகக் காணும் bc1q வகை முகவரியிலும் அதே 20 பைட்டுகள்தான் வேறு எழுத்துமுறையில் இருக்கின்றன. நம் சாவிக்கு அது இப்படி:

```
bc1qw508d6qejxtdg4y5r3zarvary0c5xw7kv8f3t4
```

இந்த முகவரியை வைத்துக்கொண்டு ஒருவரால் பணம் அனுப்ப முடியும், எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால், உரியவர் தன் பொதுச் சாவியையும் அந்தக் குறிப்பிட்ட பரிமாற்றத்துக்கு மட்டுமே செல்லும் கையொப்பத்தையும் முன்வைக்க வேண்டும். வலையமைப்பிலுள்ள கணினிகள் பொதுச் சாவியை ஹேஷ் செய்து, அந்த 20 பைட்டுகளோடு ஒத்துப் பார்க்கும், கையொப்பத்தையும் சோதிக்கும். கையொப்பம் போட ரகசிய எண் தேவை. சரிபார்க்கப் பொதுச் சாவி போதும்.

ஆக, முகவரியிலிருந்து திருடப் பார்ப்பவன் இரண்டு சுவர்களைத் தாண்ட வேண்டும்: ஹேஷ், பிறகு வளைவரை. ஒருமுறை பணம் எடுத்துவிட்டால் பொதுச் சாவி வெளியே வந்துவிடுகிறது. ஹேஷ் என்ற சுவர் அந்த முகவரிக்கு அத்தோடு சரி. இதில் பதற ஒன்றுமில்லை. 2009-இல் உருவான தொடக்ககால நாணயங்களில் பல, முகவரியே இல்லாமல் பொதுச் சாவியையே பேரேட்டில் காட்டிக்கொண்டு இன்றும் அசையாமல் கிடக்கின்றன. 2021-இல் வந்த டாப்ரூட் வகை முகவரிகளும் ஹேஷ் செய்வதில்லை. போதிய வலுவுள்ள குவாண்டம் கணினி ஒன்று உருவானால் வளைவரைக் கணக்கு உடையும். அப்போது ஹேஷுக்குப் பின்னால் இருப்பவை ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. அப்படிப்பட்ட கணினி இன்று இல்லை.

திருட்டு நடந்த இடங்கள் வேறு. நம் முகவரிக்கு யாராவது காசு அனுப்பினால், சாவி 1 என்பது எல்லாருக்கும் தெரிந்ததால், காத்திருக்கும் நிரல்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். முகவரி குற்றவாளியல்ல, ஊகிக்கத்தக்க எண்தான். 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு கைபேசிகளின் வாலட்டுகளில் நடந்ததும் இதற்கு உறவுதான். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஒரு சீரற்ற எண் வேண்டும். கைபேசி அதே எண்ணை இரண்டாம் முறையும் தந்தபோது, இரண்டு கையொப்பங்களையும் பக்கத்தில் வைத்து, எளிய இயற்கணிதத்திலேயே ரகசியச் சாவியைக் கண்டுபிடித்து நாணயங்களைத் திருடினார்கள்.

முகவரியைக் கொடுப்பதில் இழப்பது ஒன்று உண்டு: அந்தரங்கம். பிட்காயின் பேரேடு எல்லாருக்கும் திறந்தது. ஒரே முகவரியைக் கடைக்காரருக்கும் நண்பருக்கும் கொடுத்தால், அதற்கு எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று இருவரும் பார்க்கலாம். அதனால்தான் வாலட்டுகள் ஒவ்வொரு முறையும் புது முகவரியைக் காட்டுகின்றன, பழையவையும் செல்லும்.

அந்த முகவரிகளை எல்லாம் பிறப்பிக்கும் xpub என்று தொடங்கும் நீண்ட வரியை மட்டும் முகவரி என்று எண்ணி யாருக்கும் அனுப்பிவிடக் கூடாது. அது கையில் இருப்பவருக்கு, அந்தக் கணக்கின் வந்த, வரப்போகும் எல்லா முகவரிகளும் தெரியும். அதோடு, அதன்கீழ் வந்த முகவரிகளில் ஏதேனும் ஒன்றின் ரகசியச் சாவியும் கசிந்தால், இரண்டையும் சேர்த்து அந்தக் கணக்கின் மற்ற சாவிகளையும் கணக்கிட்டு எடுத்துவிடலாம்.